அப்பா பேசி முடித்த பிறகு அம்மா சொல்லும் வாழ்த்து

"எங்கள் மகளின் திருமண வரவேற்பில் முதலில் என் கணவர் வாழ்த்திப் பேசுகிறார். அவரை அடுத்து நானும் பேச வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள். அவருக்கு மேடை பழக்கம், எனக்கு இல்லை. இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். படித்த என் தங்கை, 'அத்தான் பேசப்போறதையேதான்க்கா நீயும் எழுதியிருக்கே' என்றாள். ஒரே வீட்டில் ஒரே பிள்ளையை வளர்த்த இருவர் வேறு எதைத்தான் பேச முடியும்? என்னுடையதாக ஒரு வாழ்த்தை எப்படி எழுதுவது?"
— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தங்கை சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் உங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்பதல்ல. விருந்தில் எழுந்து நின்று மணமக்களை வாழ்த்தும் இந்த முறை ஆங்கிலேயரிடமிருந்து பரவியது. அவர்களுடைய பழைய ஒழுங்கில் மணமகளின் தந்தை, மணமகன், மணமகனின் தோழன் என்று மூவர்தான் பேசினார்கள். தாய்க்கென்று ஓர் உரை அதில் இல்லை. ஆகவே நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய வடிவம் தந்தையுடைய வடிவம்: வந்தவர்களுக்கு வரவேற்பு, மகள் பிறந்தது முதல் வேலைக்குப் போனது வரை வரிசையாக ஒரு வரலாறு, பெருமிதம், மருமகனைக் குடும்பத்துக்குள் அழைத்தல், ஓர் அறிவுரை, பிறகு வாழ்த்து. தாய் எழுத உட்காரும்போதும் கைக்கு வருவது அந்த அச்சுதான். அச்சு ஒன்றாக இருக்கும்போது அதில் வார்ப்பது மட்டும் எப்படி வேறாக இருக்கும்? அதனால், எழுதிய 2 பக்கத்திலிருந்து அவர் சொல்லும் நிகழ்ச்சிகளை அடித்துவிட்டு வேறு நிகழ்ச்சிகளை நிரப்புவது பயன் தராது. அந்தப் பக்கங்களை ஓரமாக வைத்துவிடுங்கள்.

புதிதாக எழுதத் தொடங்கும் முன் உங்கள் கணவரிடம் 10 நிமிடம் பேச வேண்டியிருக்கிறது. அவருடைய உரையை வாங்கிப் படிக்காதீர்கள். படித்தால் அவருடைய சொற்களும் அவர் போகும் வரிசையும் உங்கள் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அவற்றிலிருந்து விலகி எழுதுவதே ஒரு வேலையாகிவிடும். கேட்க வேண்டியது ஒரு பட்டியல் மட்டும். எந்தெந்த நிகழ்ச்சிகளைச் சொல்லப்போகிறார், மகளை எந்த ஒரு குணத்துக்காகப் பாராட்டப்போகிறார், மாப்பிள்ளையிடம் நேராக என்ன சொல்லப்போகிறார், யார் யாருக்கு நன்றி சொல்கிறார், கடைசியில் எதை முன்னிட்டு எல்லோரையும் கோப்பையை உயர்த்தச் சொல்கிறார். இந்த ஐந்துக்கும் அவர் தரும் விடை ஒரு சிறு தாளில் அடங்கிவிடும்.

ரகசியமாக வைத்துக்கொள்ள விரும்பும் கணவர்களும் உண்டு. அப்படியானால் இருவர் உரையையும் மூன்றாவது ஒருவர் படிக்கட்டும். உங்கள் தங்கை ஏற்கெனவே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். அவரையே தொடரச் சொல்லலாம். எது மோதுகிறது என்பதை மட்டும் அவர் உங்களிடம் சொன்னால் போதும்.

அந்தத் தாள் கைக்கு வந்ததும் உங்களுக்குப் பெரிய விடுதலை ஒன்று கிடைக்கும். வரவேற்பும் நன்றியும் அவர் பொறுப்பு. நீங்கள் அவற்றைத் தொடவே வேண்டாம். மகளின் வாழ்க்கை வரலாறும் அவரிடமே இருக்கட்டும். அவர் பேசி முடிக்கும்போது மகள் எப்போது பிறந்தாள், எங்கே படித்தாள், எப்படி வளர்ந்தாள் என்பதெல்லாம் சபைக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் எதையும் அறிமுகப்படுத்தாமல், முதல் வாக்கியத்திலேயே விஷயத்துக்குள் இறங்கிவிடலாம். இரண்டாவதாகப் பேசுபவருக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது. பலர் இதைக் குறையாக நினைத்து வருந்துகிறார்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் இருக்கும் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஒரே பிள்ளையை வளர்த்தாலும் இருவரும் ஒரே இடத்தில் நின்று வளர்த்திருக்க முடியாது. மகள் மிதிவண்டி பழகிய நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தந்தையர் உரையில் அது வந்துவிடுகிறது: இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன், ஒரு கட்டத்தில் கையை விட்டேன், அவள் தானாக ஓட்டிக்கொண்டு போனாள். பின்னால் ஓடியவர் பார்த்தது மகளின் முதுகை. அதே நேரத்தில் தெருமுனையில் நின்றிருந்த தாய் பார்த்தது அவளுடைய முகத்தை. அப்பா கையை விட்டுவிட்டார் என்று தெரிந்த கணத்தில் அந்த முகம் எப்படி மாறியது என்பது தாய்க்கு மட்டுமே தெரியும். நிகழ்ச்சி ஒன்றுதான், ஆனால் நின்ற இடம் வேறு. நீங்கள் தேட வேண்டியது அப்படி நீங்கள் மட்டும் நின்றிருந்த இடத்தைத்தான். அவர் சொல்லாமல் விட்டுவிட்ட நிகழ்ச்சி எது என்று தேடிக்கொண்டிருந்தால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

இதை ஒரு தாயின் உரையை வைத்தே விளக்குகிறேன். திருமண மேடை உரைகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த அவர் அனுமதி தந்திருப்பதால், அடையாளங்களை நீக்கிவிட்டு எழுதுகிறேன். அவருடைய கணவரின் பட்டியலில் மகள் பிறந்த இரவு, மிதிவண்டி, பள்ளிப் பரிசு, முதல் வேலை, மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்த நாள், ஓர் அறிவுரை ஆகிய ஆறும் இருந்தன. அந்த அம்மாள் எழுதிக்கொண்டு வந்ததில் இந்த ஆறில் ஐந்து இருந்தன. உங்கள் கணவருக்குத் தெரியாத ஒன்றை மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அப்படி எதுவும் இல்லை, எல்லாம் அவருக்கும் தெரியும் என்றார். கேள்வி தவறு என்று புரிந்தது. பிறகு இப்படிக் கேட்டேன்: ஒரு நாளில் எந்த நேரத்தில் நீங்களும் மகளும் மட்டும் இருப்பீர்கள்? உடனே பதில் வந்தது. சாயங்காலப் போன்.

மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். பேருந்திலிருந்து இறங்கித் தங்கியிருந்த இடத்துக்கு நடக்க 15 நிமிடம் ஆகும். நடக்கும்போது தாயைக் கூப்பிடுவாள். இரும்புக் கதவு கிரீச்சிடும் ஓசை போனில் கேட்டதும், வாசல் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிடுவாள். 4 ஆண்டுகள் இது தவறாமல் நடந்தது. கணவருக்கு அந்த அழைப்பு வரும் என்பது தெரியும். அதற்குள் என்ன இருந்தது என்பது தெரியாது. ஒரு நாள் கதவின் ஓசை கேட்ட பிறகும் மகள் போனை வைக்கவில்லை. வாசலிலேயே நின்று, அலுவலகத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். தாய் எதுவும் கேட்கவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. 5 மாதம் கழித்துத்தான் மகளே பெயரைச் சொன்னாள்.

இதைச் சொல்லி முடித்ததும், "இதெல்லாம் மேடையில் சொல்லக்கூடிய விஷயமா?" என்று அவர் கேட்டார். சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான் என்று நான் சொன்னேன். மற்ற ஐந்தையும் விட்டுவிட்டோம். நினைவுகள் நிறைய இருக்கும்போது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது தாய்மார்களுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. மற்றவற்றை விடுவது மகளுக்குச் செய்யும் குறை என்று படுகிறது. ஆனால் கேட்பவர்கள் இரவு வீடு திரும்பும்போது உடன் கொண்டுபோவது ஒரு காட்சியைத்தான். ஆறு காட்சிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

அடுத்து மொழி. தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, உங்கள் 2 பக்கத்திலும் அது இருக்கும் என்று நினைக்கிறேன். பேனாவை எடுத்ததும் நம் கை எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறது. "எம் அருமை மகள் பிறந்த அந்தப் பொன்னாளை எண்ணிப் பார்க்கிறேன்" என்று எழுதுகிறோம். வீட்டில் மகளிடம் அப்படி ஒரு வாக்கியத்தை ஒருநாளும் சொன்னதில்லை. மேடைப் பழக்கம் உள்ளவர் அதைத் தடுமாறாமல் சொல்லிவிடுவார், சபையும் ஏற்றுக்கொள்ளும். பழக்கம் இல்லாதவர் வாயில் அது இரவல் நகைபோல் தெரியும். உங்கள் குரல் உங்களுடையதாகக் கேட்க வேண்டுமானால் நீங்கள் பேசும் தமிழில்தான் எழுத வேண்டும், தாளிலும் அப்படியே பேச்சு வழக்கில் எழுத வேண்டும். எழுத்துத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு மேடையில் பேச்சுத் தமிழாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பதற்றத்தில் கண் எதைப் பார்க்கிறதோ அதையே வாய் சொல்லும். பாதி அதுவும் பாதி இதுவுமாகிவிடும்.

அந்த அம்மாளிடம் எழுதவே வேண்டாம் என்று சொன்னேன். அந்தச் சாயங்கால அழைப்பைப் பற்றி ஒரு தோழியிடம் சொல்லுங்கள், அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றேன். 11 நிமிடப் பதிவு வந்தது. அதைச் சொல் மாறாமல் தாளில் இறக்கினோம். இறக்கும்போது "அப்புறம்", "வந்து" போன்றவற்றையும் விடவில்லை, ஏனென்றால் அவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்பது அப்போதுதான் தெரியும். பிறகு அவருக்கே உரிய வாக்கியங்களின் கீழ் கோடு போட்டோம். பதிவில் அவர் "நான் ஒண்ணும் கேக்கல" என்று மூன்று இடத்தில் சொல்லியிருந்தார். முன்பு எழுதிவந்த தாளில் அந்த வாக்கியம் ஓர் இடத்திலும் இல்லை; அதற்குப் பதிலாக "பொறுமையுடன் காத்திருந்தேன்" என்று இருந்தது. ஒருவருடைய குரல் என்று நான் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

கோடு போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தியதும் உரையின் நடுப்பகுதி இப்படி அமைந்தது:

"இவ அப்பா சைக்கிள் பின்னாடி ஓடின கதையைச் சொன்னார். நான் ஓடல. நான் போன் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். இவ வேலை பார்த்த ஊர்ல, பஸ்ஸை விட்டு இறங்கி ரூமுக்கு நடக்கப் பதினஞ்சு நிமிஷம். அந்தப் பதினஞ்சு நிமிஷம் எனக்கு. கேட் கிரீச்சுனு கேக்கும். 'வாசல் வந்துடுச்சும்மா, வச்சுடறேன்'னு சொல்லுவா. நாலு வருஷம் தினமும் இப்படித்தான். ஒரு நாள் கேட் சத்தம் கேட்டுச்சு. இவ வைக்கல. வாசல்லயே நின்னு பேசிட்டிருந்தா. ஆபீஸ்ல ஒருத்தர்னா. அன்னைக்கு அந்த ஒருத்தர் பேச்சுல மூணு தடவை வந்தார். நான் ஒண்ணும் கேக்கல."

இதன் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். இரண்டாவதாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் "அவர் எல்லாத்தையும் சொல்லிட்டார், எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல" என்று தொடங்குகிறார்கள். அடக்கத்துக்காகச் சொல்வதுதான், ஆனால் அதைக் கேட்ட சபை, இனி வருவது மிச்சம் என்ற எண்ணத்தோடு காதைத் தளர்த்திவிடும். அதை அறவே விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் கணவர் சொன்ன ஒன்றை ஒரே வாக்கியத்தில் தொட்டு, அங்கிருந்து நீங்கள் நின்ற இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள். இருவரும் கலந்து பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்பது சபைக்குத் தெரிந்துவிடும், இரண்டு உரைகளும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும். தொடும் வாக்கியம் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது வாக்கியம் வந்தால் அவர் சொன்ன கதையை நீங்கள் மறுபடி சொல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

இந்தப் பகுதியின் முடிவில் அந்த அம்மாள் முதலில் இன்னொரு வாக்கியம் சேர்த்திருந்தார்: "தாய்க்கும் மகளுக்கும் உள்ள பந்தம் தூரத்தால் குறைவதில்லை." அதை நீக்கச் சொன்னேன். அவர் தயங்கினார், அழகாகத்தானே இருக்கிறது என்றார். எந்தத் தாய் எந்த மேடையில் நின்று சொன்னாலும் அது பொருந்தும் என்பதுதான் அதன் குறை. நீங்களும் எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு பேர் வாயில் வைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத வேறொரு மணமகளின் தாய் இதைச் சொல்ல முடியுமா? உங்கள் கணவர் இதைச் சொல்ல முடியுமா? ஒன்றுக்கேனும் முடியும் என்று விடை வந்தால் அந்த வாக்கியம் போகலாம். "தைரியமானவள்", "பாசமானவள்", "பொறுப்பானவள்" என்ற சொற்களெல்லாம் இந்தச் சோதனையில்தான் உதிரும். தந்தை உரையும் தாய் உரையும் ஒன்றுபோல் ஒலிப்பதற்கு நிகழ்ச்சிகளைவிட இந்தப் பண்புச் சொற்களே பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன.

மாப்பிள்ளைக்கு வருகிறேன். தந்தை உரையில் இந்த இடம் ஏறக்குறைய ஒப்படைப்பாகவே இருக்கும்: என் மகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் அதையே சொன்னால் ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்துவிடும், கேட்கும் பிள்ளைக்கு அது நம்பிக்கையின்மையாகக்கூடப் படலாம். நீங்கள் அவரிடம் எதையும் கேட்காமல், அவர் செய்து நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். பெரிய உதவியாக இருக்க வேண்டியதில்லை. அந்த அம்மாள் சொன்னது இது:

"மாப்பிள்ளை, உங்க பேர் தெரியறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே எனக்கு உங்களைத் தெரியும். நீங்க எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் ஒண்ணு பார்த்தேன். இவ ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பிச்சா ஊரைச் சுத்திட்டுத்தான் வருவா. நாங்கள்லாம் நடுவுல புடிச்சு முடிச்சு வச்சுடுவோம். நீங்க முடிச்சு வைக்கல. கடைசி வரைக்கும் கேட்டீங்க."

போனில் 4 ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த தாய், தன்னைப்போலவே கேட்கத் தெரிந்த ஒருவரை அடையாளம் கண்டுகொள்கிறார். அதை அவர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. முதல் காட்சியைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால் இரண்டாவது காட்சி தானாக வந்து அதனோடு சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் குடும்பத்தாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால், இந்த இடத்தில் வேடிக்கைக்காகக்கூட அவரைக் குறைத்துப் பேச வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பற்றிய எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுத்தாலும், அதை மேடையில் சொல்லலாமா என்று அவளிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தாய்க்கு மட்டும் தெரிந்த விஷயம் என்றால் அது பெரும்பாலும் மகள் நம்பிச் சொன்ன விஷயமாகத்தான் இருக்கும். முழு உரையையும் படித்துக்காட்ட வேண்டியதில்லை, "அந்தச் சாயங்காலப் போனைப் பத்திச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் போதும். அவள் ஒரு நொடி யோசித்தாலும் வேறு காட்சிக்குப் போய்விடுங்கள்.

அளவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு முன் ஒருவர் பேசியிருக்கிறார், பின்னும் பேசக்கூடும். 3 நிமிடம் நல்லது, 4 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சொற்களை எண்ணுவதைவிட, நின்றுகொண்டு வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே சரியான அளவு. வீட்டில் 3 நிமிடத்தில் முடிவது மேடையில் சிரிப்புக்கும் கைத்தட்டலுக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசும்போது இன்னும் நீளும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழுகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உரையின் அமைப்பே அதைப் பொறுத்திருக்கிறது. குரல் உடைவது பெரும்பாலும் "இவ" என்று சபையிடம் பேசிக்கொண்டிருப்பவர் "நீ" என்று மகள் பக்கம் திரும்பும் இடத்தில்தான். ஆகவே உரையின் பெரும்பகுதியைச் சபையிடமும் மாப்பிள்ளையிடமும் பேசுங்கள். மகளிடம் நேராகச் சொல்வதை இரண்டு மூன்று சிறு வாக்கியங்களாகச் சுருக்கி, வாழ்த்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். அந்த வாக்கியங்களில் உருக்கமான சொல் எதுவும் வேண்டாம். சொல் எளிமையாக இருந்தால் குரல் தாங்கும். அந்த அம்மாள் சொன்னவை இவ்வளவுதான்: "இனிமே அந்தப் பதினஞ்சு நிமிஷம் கூட நடக்க ஆள் இருக்கு. எனக்கு நீ போன் பண்ணலேன்னா நான் கோச்சுக்க மாட்டேன். பண்ணினா எடுப்பேன்." ஒத்திகையில் "எடுப்பேன்" என்ற சொல்லில் நான்கு முறை அவருக்குக் குரல் கம்மியது. எந்தச் சொல்லில் உடையும் என்பது முன்பே தெரிந்துவிட்டதால், அங்கே நின்று ஒரு மூச்சு எடுத்துக்கொள்ள அவரால் முடிந்தது. உங்கள் உரையிலும் அந்தச் சொல் எது என்று வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும். கண்ணால் படித்தால் தெரியாது.

கடைசி வாக்கியத்தில்தான் இருவர் உரையும் மறுபடி மோதிக்கொள்ளும். உங்கள் கணவர் மணமக்களுக்காகக் கோப்பையை உயர்த்தச் சொல்லி, எல்லோரும் உயர்த்தி, அமர்ந்திருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் நீங்களும் மணமக்களுக்காக என்றே சொன்னால், உரை முழுவதையும் வேறாக எழுதியும் பயனில்லாமல் போகும். பட்டியலில் கடைசிக் கேள்வியாக அதைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அவர் மணமக்களை வாழ்த்தினால் நீங்கள் அவர்களுடைய வாழ்க்கையில் ஏதாவது ஒன்றை வாழ்த்துங்கள், அதுவும் உங்கள் காட்சியிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். அந்த அம்மாள் இப்படி முடித்தார்: "எல்லாரும் எழுந்து நில்லுங்க. கையில இருக்கறதைத் தூக்கிப் பிடிங்க. நான் 'இவங்க வாசலுக்கு'ன்னு சொல்றேன், நீங்களும் சொல்லுங்க. இவங்க வாசலுக்கு!" சபை என்ன செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பது இரண்டும் அதில் தெளிவாக இருக்கின்றன. இது சொல்லப்படாவிட்டால் பாதிப் பேர் எழுந்தும் பாதிப் பேர் உட்கார்ந்தும் தடுமாறுவார்கள். திருப்பிச் சொல்ல வேண்டியது இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போகக் கூடாது.

ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் மீதி இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒன்றைக் கணவர் மேடையில் திடீரென்று சொல்லிவிடக்கூடும். நல்ல மனநிலையில் பேசும் எவருக்கும் அது நேரும். உங்கள் உரையை மூன்று அட்டைகளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: கணவர் பேச்சைத் தொடும் வாக்கியமும் உங்கள் காட்சியும் முதல் அட்டையில், மாப்பிள்ளை இரண்டாவதில், மகளும் வாழ்த்தும் மூன்றாவதில். தொடும் வாக்கியத்துக்கு மாற்றாக இன்னொன்றை முதல் அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள். அவர் மிதிவண்டியைப் பற்றிச் சொல்லாமலே போய்விட்டால் அது உதவும். உங்கள் காட்சியையே அவர் சொல்லிவிட்டால் பதற வேண்டாம். அவர் வெளியிலிருந்து பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார். "அவர் சொன்ன அந்தப் போனை எடுத்தது நான்தான்" என்று தொடங்கி, எழுதியிருப்பதை அப்படியே தொடரலாம்.

எழுதி முடித்ததும் தங்கையிடம் படித்துக் காட்டுங்கள், சத்தமாக, நின்றுகொண்டு. கணவரிடம் மட்டும் படித்துக் காட்ட வேண்டாம். அந்த 15 நிமிடத்துக்குள் என்ன இருந்தது என்பதை அந்த அம்மாளின் கணவர் முதன்முதலாகக் கேட்டது அந்த மேடையின் கீழே உட்கார்ந்திருந்தபோதுதான். மனைவி 5 மாதம் தன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் மகளைப் பார்த்துச் சிரித்தாராம்.